நெஞ்சுக்குள் ஓயாத இழுபறி

நெஞ்சில் குழாய் பொருத்தப்பட்ட நோயாளியின் கட்டிலுக்குக் கீழே, தரையில், ஒரு பிளாஸ்டிக் குடுவை நிற்கும். நெஞ்சிலிருந்து இறங்கும் குழாயின் நுனி அந்தக் குடுவையின் நீருக்குள் முழுகியிருக்கும். பினாங்குப் பொது மருத்துவமனையின் வார்டில் உறவினரைப் பார்க்கப் போகிறவர்கள் அதைக் கழிவு சேரும் பாத்திரம் என்றே நினைத்துக்கொள்வார்கள். சற்று நேரம் கூர்ந்து பார்த்தால் வேறொன்று தெரியும். நோயாளி மூச்சை உள்ளே இழுக்கும்போது குழாய்க்குள் நீர்மட்டம் மேலேறுகிறது. மூச்சை விடும்போது கீழிறங்குகிறது. நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று அந்த நீரை மேல்நோக்கி உறிஞ்சிக்கொண்டே இருக்கிறது.

அந்த உறிஞ்சும் விசை நோயால் வந்ததல்ல. நம் ஒவ்வொருவர் நெஞ்சிலும் பிறந்த நாளிலிருந்து அது இருக்கிறது. அது இல்லாமல் போனால் நுரையீரல் சுருங்கிவிடும். மருத்துவர்கள் நியூமோதொராக்ஸ் என்று சொல்லும் நிலை அதுதான்: நுரையீரலுக்கும் நெஞ்சுச் சுவருக்கும் நடுவே காற்று புகுந்து, நுரையீரல் தன் இடத்திலிருந்து விலகி ஒடுங்கிப்போவது.

சுருங்க நினைப்பதும் விரிய நினைப்பதும்

நுரையீரல் தானாக விரியாது. அதை விரிக்கும் தசை எதுவும் அதில் இல்லை. மீள்தன்மையுள்ள நார்களால் பின்னப்பட்ட உறுப்பு அது; அதன் கோடிக்கணக்கான காற்றறைகளின் உட்புறத்தில் ஈரப்படலம் ஒன்றும் படிந்திருக்கிறது. நார்களின் மீள்விசை, ஈரப்படலத்தின் பரப்பு இழுவிசை ஆகிய இரண்டும் சேர்ந்து நுரையீரலை எப்போதும் உள்நோக்கி இழுக்கின்றன. விட்டால் அது சுருங்கிவிடும்.

விலா எலும்புக்கூடு இதற்கு நேர் எதிர். சாதாரணமாக மூச்சை விட்டு ஓய்ந்திருக்கும் நிலையில் அது தன் இயல்பான அளவைவிட உள்ளடங்கி நிற்கிறது. தடை நீங்கினால் வெளிநோக்கி விரியும்.

சுருங்க நினைப்பதையும் விரிய நினைப்பதையும் எது சேர்த்து வைத்திருக்கிறது? ஆணியும் இல்லை, பசையும் இல்லை. நுரையீரலின் மேற்பரப்பை ஒரு மெல்லிய சவ்வு போர்த்தியிருக்கிறது. அதே சவ்வு நுரையீரலின் வேர்ப்பகுதியில் திரும்பி, நெஞ்சுச் சுவரின் உட்புறத்தையும் போர்த்துகிறது. இதுவே நுரையீரலுறை. இரண்டு அடுக்குகளுக்கும் இடையிலுள்ள இடத்தை நுரையீரலுறைக் குழி என்கிறார்கள். குழி என்று பெயரே தவிர, நலமாக இருப்பவரிடம் அங்கே வெற்றிடமும் இல்லை, காற்றும் இல்லை. மில்லிமீட்டரில் நூறில் ஒன்றிரண்டு பங்கு தடிமனுள்ள திரவப் படலம் மட்டுமே இருக்கிறது. இரு பக்கத்துத் திரவத்தையும் சேர்த்தால் ஒரு மேசைக்கரண்டி தேறலாம். ஈரமான இரு கண்ணாடித் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் பக்கவாட்டில் வழுக்கும், நேராகப் பிரிக்க வராது. இந்தப் படலமும் அப்படித்தான்: மூச்சுக்கு மூச்சு நுரையீரலை நெஞ்சுச் சுவரின்மேல் வழுக்கவிடுகிறது, ஆனால் பிரியவிடுவதில்லை.

இருபுறமும் எதிரெதிராக இழுக்கப்படுவதால் அந்தப் படலத்தின் அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தைவிடக் குறைந்து நிற்கிறது. இதுவே எதிர்மறை அழுத்தம். அதன் அளவு மிகவும் சிறியது. அமைதியாக மூச்சுவிட்டு ஓய்ந்த நிலையில் சுமார் 5 சென்டிமீட்டர் உயர நீர்த்தம்பத்துக்குச் சமமான அளவு குறைவு; மூச்சை இழுத்து முடிக்கும்போது சுமார் 8 சென்டிமீட்டர். வெளிக்காற்று 1,000 சென்டிமீட்டருக்கும் அதிகமான நீர்த்தம்பத்தைத் தாங்கும் அழுத்தம் உடையது. அதில் 200-இல் ஒரு பங்குதான் இந்தக் குறைவு. நம் நுரையீரலை விரித்து வைத்திருப்பது இவ்வளவுதான்.

ஒரு பக்க நெஞ்சுக்குள்ளேயே இது எல்லா இடத்திலும் ஒரே அளவில் இல்லை. நிற்கும்போது நுரையீரலின் எடை கீழ்நோக்கி இழுப்பதால் உச்சியில் எதிர்மறை அழுத்தம் அதிகம், அடியில் குறைவு. ஆகவே உச்சிக் காற்றறைகள் எப்போதும் கூடுதலாக விரிந்தே இருக்கின்றன. நெஞ்சு நீண்டிருந்தால் அந்த வேறுபாடும் கூடும். இதைச் சற்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். உயரமான, ஒல்லியான இளைஞர்களையே இந்தச் சிக்கல் ஏன் தேடிப் பிடிக்கிறது என்ற கேள்விக்கு விடையின் ஒரு பகுதி இதில் இருக்கிறது.

நுரையீரலை வேண்டுமென்றே சுருக்கிய காலம்

நுரையீரலுக்குத் தானாகச் சுருங்கும் இயல்பு உண்டு என்பதை லிவர்பூல் மருத்துவர் ஜேம்ஸ் கார்சன் 1820-ஆம் ஆண்டிலேயே சோதனைகளால் காட்டினார். நோயுற்ற நுரையீரலைச் சுருங்கவிட்டு ஓய்வு கொடுத்தால் காசநோய்ப் புண் ஆறக்கூடும் என்றும் அவர் கருதினார். அந்தக் கருத்தை 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் செயல்முறையாக்கியவர் இத்தாலிய மருத்துவர் கார்லோ ஃபோர்லனினி. விலா எலும்புகளுக்கு இடையே ஊசியைச் செலுத்தி, நுரையீரலுறைக் குழிக்குள் வாயுவை ஏற்றினார். 20-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் உலகெங்கும் இது காசநோய்க்கான முக்கியச் சிகிச்சையாக இருந்தது. அன்றைய சென்னை மாகாணத்தின் மதனப்பள்ளியில், ஆரோக்கியவரம் காசநோய் இல்லத்திலும் இது செய்யப்பட்டது.

ஊசியின் முனை சரியான இடத்தில் இருக்கிறதா என்று மருத்துவருக்கு எப்படித் தெரியும்? முனை தசைக்குள் நின்றுவிடலாம், நுரையீரலையே குத்திவிடலாம், இரத்தக்குழாய்க்குள் போனால் ஏற்றும் வாயு உயிரையே பறித்துவிடும். வழிகாட்டியது ஒரு நீர் அழுத்தமானி. ஊசியுடன் இணைத்த வளைந்த கண்ணாடிக் குழாயில் நீர் இருக்கும். முனை இரு உறைகளுக்கும் இடையே வந்ததும் நீர்மட்டம் எதிர்மறைப் பக்கம் சாய்ந்து, மூச்சுக்கு மூச்சு ஊசலாடத் தொடங்கும். ஊசலாட்டம் தெரிந்தால்தான் வாயுவைத் திறப்பார்கள். முதல் தடவை சில நூறு மில்லிலிட்டர். ஏற்றிய காற்றை உடல் மெதுவாக உறிஞ்சிவிடும் என்பதால் சில நாட்களுக்கோ வாரங்களுக்கோ ஒருமுறை மறுபடி நிரப்புவார்கள். இப்படி ஆண்டுக்கணக்கில் நடக்கும்.

1956-ஆம் ஆண்டு சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் ஒன்று தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றம், சென்னை அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சி மன்றம் ஆகியவை அதில் சேர்ந்து உழைத்தன. வீட்டிலிருந்தபடியே மருந்து எடுத்துக்கொண்ட நோயாளிகளும், காசநோய் இல்லத்தில் முழு ஓய்வோடு அதே மருந்தைப் பெற்றவர்களும் ஏறத்தாழ ஒரே அளவுக்குக் குணமடைந்ததை 1959-இல் அந்த மையம் வெளியிட்டது. மருந்தே போதும் என்றானபின் நுரையீரலுக்குக் கட்டாய ஓய்வு கொடுக்கும் தேவையும் மறைந்தது.

அந்தச் சிகிச்சை போய்விட்டாலும் இரண்டு பாடங்களை விட்டுச்சென்றது. ஒன்று, சுருங்கிய நுரையீரல் செத்துப்போவதில்லை. இரத்த ஓட்டம் இருக்கும்வரை உயிரோடுதான் இருக்கிறது. இடையிலுள்ள காற்று நீங்கினால் மறுபடி விரியக்கூடியது. இரண்டு, மற்ற நுரையீரல் நலமாக இருந்தால் ஒரு பக்கச் சுருக்கத்தை உடல் நெடுங்காலம் தாங்கும். அப்படியானால் திடீரென்று வரும் நியூமோதொராக்ஸ் சிலருக்கு ஏன் உயிருக்கே ஆபத்தாகிறது?

ஜார்ஜ்டவுன் இளைஞர் ஒருவர்

பாடநூல்களில் வரும் வழக்கமான நோயாளியை ஜார்ஜ்டவுனில் வைத்துப் பார்ப்போம். வயது 21. ஏறத்தாழ ஆறடி உயரம், ஒல்லியான உடல், நாளுக்குப் பத்துப் பன்னிரண்டு சிகரெட். கனமான எதையும் தூக்கவில்லை, ஓடவுமில்லை. இரவு உணவுக்குப் பிறகு நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போது வலது நெஞ்சில் கத்தி குத்தினாற்போல ஒரு வலி. மூச்சை ஆழ இழுத்தால் வலி கூடுகிறது. நோய் எதுவும் இல்லாத இளைஞர்களுக்கு இது பெரும்பாலும் இப்படி ஓய்வாக இருக்கும்போதுதான் வருகிறது.

உள்ளே நடந்தது இது. நுரையீரலின் உச்சியில், உறைக்கு அடியில் ஒரு சிறு காற்றுக் கொப்புளம் முன்பே உருவாகியிருந்தது. உச்சி எப்போதும் கூடுதலாக இழுபடுகிற இடம்; அதோடு சிகரெட் புகை சிறு மூச்சுக்குழல்களை வீங்கவைத்துக் காற்றை உள்ளே சிக்கவைக்கிறது. புகைக்காதவர்களோடு ஒப்பிட்டால், புகைக்கும் ஆண்களுக்கு இந்த ஆபத்து இருபது மடங்குக்கும் மேல். அந்தக் கொப்புளம் உடைந்தது. காற்றறையில் வெளிக்காற்றின் அழுத்தம். உறைக்குழியில் அதைவிட 5 சென்டிமீட்டர் குறைவு. ஆகவே காற்று உறைக்குழிக்குள் பாய்ந்தது. பாயப் பாய எதிர்மறை அழுத்தம் குறைந்தது. திரவப் படலத்தின் இடத்தில் காற்று வந்துவிட்டதால் நுரையீரலைச் சுவரோடு பிடித்து வைக்க ஒன்றுமில்லை. நுரையீரல் உள்நோக்கிச் சுருங்கியது, விலாக்கூடு சற்று வெளியே விரிந்தது. ஓட்டை மூடிக்கொண்டாலோ, இருபுறமும் அழுத்தம் சமமானாலோ கசிவு நிற்கும்.

வலி நுரையீரலிலிருந்து வருவதல்ல. நுரையீரலைப் போர்த்தியிருக்கும் அடுக்குக்கு வலி உணரும் நரம்புகள் இல்லை. சுவரைப் போர்த்தியிருக்கும் அடுக்குக்கு அவை நிறைய உண்டு. மூச்சுத்திணறல் வேறு வழியில் வருகிறது. சுருங்கிய நுரையீரலுக்குள் காற்றுப் போவது குறைந்தாலும், அதன் வழியே இரத்தம் ஓரளவு ஓடிக்கொண்டே இருக்கிறது. அந்த இரத்தம் ஆக்சிஜன் பெறாமலேயே இதயத்துக்குத் திரும்பி, நல்ல இரத்தத்தோடு கலக்கிறது. பல மணி நேரத்தில் அந்தப் பக்கத்து இரத்தக்குழாய்கள் சுருங்கி, ஓட்டத்தை மற்ற நுரையீரலுக்குத் திருப்பிவிடும். அதனால்தான் மறுநாள் "இப்போ பரவாயில்லை" என்று வீட்டிலேயே தங்கிவிடுகிறவர்கள் பலர். வலி குறைந்ததால் நுரையீரல் விரிந்துவிட்டது என்று பொருளல்ல.

மருத்துவர் நெஞ்சைத் தட்டிப் பார்க்கும்போது அந்தப் பக்கம் வழக்கத்தைவிட வெற்றொலி எழும். ஸ்டெதாஸ்கோப்பில் மூச்சொலி மங்கிக் கேட்கும் அல்லது கேட்கவே கேட்காது. எக்ஸ்ரேயில் நுரையீரலின் விளிம்பு ஒரு மெல்லிய வெள்ளைக் கோடாகத் தெரியும். அதற்கு வெளியே நுரையீரலின் கிளைக்கோடுகள் எதுவும் இல்லாத கறுப்புப் பட்டை.

அந்தப் பட்டையின் அகலம் ஏமாற்றும். நெஞ்சின் ஒரு பாதி 10 சென்டிமீட்டர் அகலம் என்றும், காற்றுப்பட்டை 2 சென்டிமீட்டர் என்றும் வைத்துக்கொள்வோம். ஐந்தில் ஒரு பங்குதான் போயிற்று என்று கண் சொல்லும். ஆனால் நுரையீரல் எல்லாத் திசையிலும் சுருங்கியிருக்கிறது. கொள்ளளவு மும்மடி விதிப்படி மாறும்: 0.8 × 0.8 × 0.8 = 0.51. அதாவது ஏறத்தாழ பாதி நுரையீரல் சுருங்கிவிட்டது.

கொப்புளம் மட்டுமே காரணமல்ல. மோட்டார்சைக்கிள் விபத்தில் முறிந்த விலா எலும்பின் முனை நுரையீரலைக் கிழிக்கலாம். தோள்பட்டைக்கும் முதுகெலும்புக்கும் இடையே நேராக ஆழச் செலுத்திய அக்குபங்சர் ஊசியாலும் இது நேர்ந்ததுண்டு. ஒல்லியானவர்களுக்கு அங்கே தோலிலிருந்து உறைக்குச் சில சென்டிமீட்டர்தான். தைப்பூசத்தில் தண்ணீர்மலைக்கு அலகுக் காவடி எடுப்பவர்களின் முதுகிலும் மார்பிலும் கொக்கிகள் தைக்கப்படுகின்றன. தோலைக் கிள்ளித் தூக்கி அந்த மடிப்பின் வழியாகவே கோப்பதால் அவை தசைக்கும் விலா எலும்புக்கும் வெளியிலேயே நின்றுவிடுகின்றன. ஊசி ஆழமா என்பதோடு எந்தக் கோணத்தில் போகிறது என்பதும் சேர்ந்தே ஆபத்தைத் தீர்மானிக்கிறது.

காற்று வெளியேற வழியில்லாதபோது

உயிருக்கு உலை வைப்பது எதிர்மறை அழுத்தத்தை இழப்பதல்ல, அதற்கு அடுத்த படி. கிழிந்த திசு சில நேரம் ஒருவழிக் கதவாகிவிடுகிறது. மூச்சை இழுக்கும்போது திறந்து காற்றை உறைக்குழிக்குள் விடுகிறது; மூச்சை விடும்போது மூடிக்கொள்கிறது. ஒவ்வொரு மூச்சும் இன்னும் கொஞ்சம் காற்றை உள்ளே அடைக்கிறது. வெளிக்காற்றைவிடக் குறைவாக இருந்த அழுத்தம் சமமாகி, பின் அதைத் தாண்டி ஏறுகிறது. நுரையீரல் முழுமையாக ஒடுங்குகிறது. இதயமும் மூச்சுக்குழாயும் எதிர்ப்பக்கம் தள்ளப்படுகின்றன. நல்ல நுரையீரலும் நெருக்கப்படுகிறது. உடலிலிருந்து இதயத்துக்கு இரத்தம் கொண்டுவரும் பெரிய சிரைகளில் அழுத்தம் மிகக் குறைவு. வெளியிலிருந்து சற்று அழுத்தினாலே அவை நசுங்கும். இதயத்துக்கு இரத்தம் திரும்பி வராதபோது அது வெளியே தள்ளவும் ஒன்றுமில்லை.

அடையாளங்கள் இவை: நிமிடத்துக்கு நிமிடம் கூடும் மூச்சுத்திணறல், மிக வேகமான நாடி, வீழும் இரத்த அழுத்தம், ஒரு பக்கம் மூச்சொலியே இல்லாமை. கழுத்துச் சிரைகள் புடைக்கலாம். ஆனால் இரத்தம் நிறைய இழந்தவரிடம் அது தெரியாது. மூச்சுக்குழாய் விலகுவது கடைசிக் கட்டத்தில்தான் தெரியும், அதற்காகக் காத்திருக்கக் கூடாது. நோயாளி சரிந்துகொண்டிருக்கும்போது எக்ஸ்ரேக்கும் காத்திருக்கக் கூடாது. விலா எலும்புகளுக்கு இடையே ஊசியையோ குழாயையோ செலுத்தி அடைபட்ட காற்றை உடனே வெளியேற்ற வேண்டும். சில நொடிகளிலேயே நாடியும் இரத்த அழுத்தமும் தேறத் தொடங்குவதுண்டு.

குடுவை சொல்லும் செய்தி

நம் இளைஞருக்கு அந்த நிலை வரவில்லை. ஆனால் மூச்சுத்திணறல் அதிகமாக இருந்ததால் அக்குளுக்குக் கீழே, பக்கவாட்டில் ஒரு குழாய் வைக்கப்பட்டது. காற்று வெளியே வர வேண்டும். ஆனால் வெளிக்காற்று அதே குழாய் வழியாக உள்ளே போகக் கூடாது. இதற்கு எந்த இயந்திரமும் தேவையில்லை. ஜெர்மன் மருத்துவர் கோட்ஹார்ட் பியூலாவ் 19-ஆம் நூற்றாண்டிலேயே பயன்படுத்திய நீர்த்தடை இன்றும் அதே வடிவில் வேலை செய்கிறது.

குழாயின் நுனி நீர்மட்டத்துக்கு 2 சென்டிமீட்டர் கீழே இருக்கும். நெஞ்சுக்குள் அழுத்தம் 2 சென்டிமீட்டரைத் தாண்டினால், அதாவது நோயாளி இருமினாலோ பலமாக மூச்சை விட்டாலோ, காற்று குமிழியாக வெளியேறும். மூச்சை இழுக்கும்போது நெஞ்சு உறிஞ்சுவது காற்றையல்ல, நீரை. நீர் குழாய்க்குள் சில சென்டிமீட்டர் ஏறி நிற்கும். ஆழ மூச்சிழுத்தால் 30, 40 சென்டிமீட்டரும் ஏறக்கூடும். அதனால்தான் குடுவையை நெஞ்சுக்கு வெகு கீழே தரையில் வைக்கிறார்கள். நடக்கும்போது நோயாளி அதை நெஞ்சுக்கு மேலே தூக்கினால் குடுவை நீர் நெஞ்சுக்குள் பாயும். நுனி நீரைவிட்டு வெளியே வந்தால் காற்று உள்ளே போய்விடும். மிக ஆழமாக முழுகியிருந்தால் காற்று வெளியேறச் சிரமப்படும்.

காலைச் சுற்றில் செவிலியர் "தம்பி, கொஞ்சம் இருமுங்க" என்று சொல்லிவிட்டுக் குடுவையைப் பார்ப்பது இதற்காகவே. குமிழி வந்தால் இன்னும் காற்று இருக்கிறது. எப்போதும் ஓயாமல் குமிழி வந்தால் நுரையீரலின் ஓட்டை இன்னும் மூடவில்லை, அல்லது குழாய் இணைப்பில் எங்கோ கசிவு. குமிழி நின்று நீர் ஊசலாடினால் நல்ல செய்தி. ஊசலாட்டமும் நின்றால் இரண்டு பொருள் உண்டு: நுரையீரல் முழுமையாக விரிந்து குழாயின் வாயை அடைத்திருக்கலாம், அல்லது குழாய் மடங்கியோ அடைபட்டோ இருக்கலாம். எது என்று எக்ஸ்ரேயும் நோயாளியின் நிலையும்தான் சொல்ல வேண்டும். குமிழிவிடும் குழாயைக் கிளிப் போட்டு மூடுவது பெரும் தவறு. வெளியேறும் காற்று அடைபட்டு, மேலே சொன்ன ஆபத்தான நிலை உருவாகும்.

இந்த ஏற்பாடு எவ்வளவு எளியது என்பதற்கு 1995-ஆம் ஆண்டு நடந்த ஒரு நிகழ்ச்சி சான்று. ஹாங்காங்கிலிருந்து லண்டனுக்குப் பறந்த விமானத்தில் ஒரு பெண்ணுக்கு நெஞ்சுவலியும் மூச்சுத்திணறலும் வந்தன. விமான நிலையத்துக்கு வரும் வழியில் மோட்டார்சைக்கிளிலிருந்து விழுந்தவர் அவர். பயணிகளில் ஒருவராக இருந்த எலும்பு அறுவை மருத்துவர் ஆங்கஸ் வாலஸ், இன்னொரு மருத்துவரோடு சேர்ந்து நடுவானில் அவருக்கு நெஞ்சுக்குழாய் வைத்தார். முதலுதவிப் பெட்டியிலிருந்த சிறுநீர்க் குழாயே நெஞ்சுக்குழாயாயிற்று; நிமிர்த்திய சட்டை மாட்டும் கம்பி அதை உள்ளே செலுத்த உதவியது; பிராந்தி கிருமிநாசினியாயிற்று; குடிநீர்ப் பாட்டிலின் மூடியில் துளையிட்டு நீர்த்தடை அமைத்தார்கள். பாட்டிலில் குமிழிகள் வந்தன. அந்தப் பெண் பிழைத்தார். அங்கே கிடைத்த பொருள்கள் எவையானாலும், நீருக்கடியில் நுனி என்ற விதி மாறவில்லை.

காற்று தானே கரைவது எப்படி

குழாயே வைக்காமல் விட்டாலும், ஓட்டை மூடிவிட்டால், உறைக்குழியின் காற்று மெதுவாக மறைந்துவிடும். காரணம் இரத்தத்தில் இருக்கிறது. நுரையீரலிலிருந்து வரும் இரத்தம் திசுக்களைக் கடக்கும்போது அதன் ஆக்சிஜன் அழுத்தம் சுமார் 100-லிருந்து 40 மில்லிமீட்டர் பாதரசத்துக்கு வீழ்கிறது. கரியமில வாயு ஏறுவதோ வெறும் 5 மில்லிமீட்டர்தான். ஆகவே சிரை இரத்தத்திலுள்ள வாயுக்களின் கூட்டழுத்தம் வெளிக்காற்றைவிட 50 மில்லிமீட்டருக்கும் மேல் குறைவு. இந்தச் சரிவில் உறைக்குழிக் காற்று இரத்தத்துக்குள் கரைந்து போகிறது. நலமாக இருப்பவரின் உறைக்குழியில் காற்றுச் சேராமல் இருப்பதும் இதனால்தான்.

வேகம் மிகக் குறைவு: நெஞ்சின் அந்தப் பாதியின் கொள்ளளவில் நாளுக்கு ஏறத்தாழ 1.25 முதல் 2 விழுக்காடு. நம் இளைஞருக்குப் பாதி நுரையீரல் சுருங்கியிருந்தால் நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். ஆக்சிஜன் கொடுத்தால் இரத்தத்திலுள்ள நைட்ரஜன் குறைந்து சரிவு கூடுவதால் கரைவதும் விரைவாகும்.

ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் நடந்து 2020-ஆம் ஆண்டு வெளியான ஆய்வு ஒன்று, வேறு நுரையீரல் நோய் இல்லாதவர்களைக் குழாய் வைக்காமலே கண்காணித்துப் பார்த்தது. ஓரளவு பெரிய சுருக்கம் உடையவர்களே அதில் சேர்ந்தார்கள். குழாய் இல்லாத குழுவில் 85 விழுக்காட்டினருக்கு எந்தக் குழாயும் கடைசிவரை தேவைப்படவில்லை. எட்டு வாரத்துக்குள் நுரையீரல் விரிந்தோர் அளவு இரு குழுவிலும் நெருக்கமாகவே இருந்தது. இதன்பின் எக்ஸ்ரேயின் அளவைவிட, நோயாளி எப்படி மூச்சுவிடுகிறார் என்பதே குழாயைத் தீர்மானிக்கும் முதற்கேள்வியாகிவருகிறது. நாட்கணக்கில் சுருங்கியிருந்த நுரையீரலை அவசரமாக உறிஞ்சி விரிப்பதிலும் ஆபத்து உண்டு. திடீரென விரியும் திசுக்களில் நீர் கசிந்து மூச்சுத்திணறலை உண்டாக்கும்.

பினாங்கு மலையும் யானையும்

அடைபட்ட காற்று உள்ளே இருக்கும்வரை உயரம் பகை. வெளியழுத்தம் குறைந்தால் அந்தக் காற்று விரியும். பினாங்கு மலை ரயிலில் ஏறத்தாழ 700 மீட்டர் உயரத்துக்குப் போனால் காற்றழுத்தம் சுமார் 8 விழுக்காடு குறையும். அடைபட்ட காற்றும் ஏறக்குறைய அதே அளவு விரியும். பாயான் லெப்பாஸில் விமானம் ஏறினால் கதை வேறு. விமான அறையின் அழுத்தம் 2,400 மீட்டர் உயரத்துக்குச் சமமாகக் குறையலாம். அப்போது காற்று மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக விரியும். ஏற்கெனவே பாதி சுருங்கிய நுரையீரலுக்கு அது தாங்காது. நுரையீரல் முழுமையாக விரிந்துவிட்டது என்று எக்ஸ்ரே காட்டியபின் குறைந்தது ஒரு வாரம் கழித்தே பறக்கலாம் என்பது வழக்கமான அறிவுரை.

ஒருமுறை வந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு இது மறுபடி வருகிறது. திரும்பத் திரும்ப வருபவருக்கு, கொப்புளமுள்ள பகுதியை நுண்துளை அறுவையில் நீக்கிவிட்டு, உறையின் இரு அடுக்குகளையும் ஒட்டவைக்கிறார்கள். உறையை உரசிப் புண்ணாக்குவது ஒரு வழி. தூய்மை செய்த டால்க் தூளைத் தூவுவது இன்னொரு வழி. அழற்சி ஏற்பட்டு, ஆறும்போது இரண்டு அடுக்குகளும் தழும்பாக ஒட்டிக்கொள்ளும். குழியே இல்லாதபோது காற்று புக இடமில்லை.

அப்படி ஒட்டிவிட்டால் மூச்சு முடங்கிவிடாதா என்ற கேள்வி எழும். அதற்கு இயற்கையே விடை வைத்திருக்கிறது. யானைக்கு நுரையீரலுறைக் குழி கிடையாது. அதன் நுரையீரலும் நெஞ்சுச் சுவரும் தளர்வான இணைப்புத் திசுவால் ஒட்டியே இருக்கின்றன. 300 ஆண்டுகளுக்கு முன்பே உடற்கூறாளர்கள் இதைக் கண்டிருந்தார்கள். காரணத்தை விளக்க முயன்றவர் மூச்சியல் அறிஞர் ஜான் வெஸ்ட். துதிக்கையை நீருக்கு மேலே நீட்டியபடி யானை ஆழமான ஆற்றைக் கடக்கிறது. அதன் உடலை இரண்டு மீட்டர் நீர் அழுத்துகிறது. நுரையீரலிலோ துதிக்கை வழியாக வந்த வெளிக்காற்றின் அழுத்தம் மட்டும். இந்த வேறுபாட்டில் நம்முடையதைப் போன்ற மெல்லிய உறையின் நுண்குழாய்கள் வெடித்துக் குழிக்குள் கசிந்துவிடும். குழி இல்லாத, தடித்த உறை தாங்குகிறது. இது அவருடைய கருதுகோள். ஆனால் குழியே இல்லாமல் அத்தனை பெரிய விலங்கு ஆயுள் முழுவதும் மூச்சுவிடுகிறது என்பது கண்முன் உள்ள உண்மை. உறை ஒட்டவைக்கப்பட்ட மனிதர்களுக்கும் அன்றாட வாழ்க்கையில் மூச்சுக்குறை பெரிதாகத் தெரிவதில்லை.

ஒட்டவைத்தாலும் ஒரு தடை நீங்குவதில்லை: ஆழ்கடல் முக்குளிப்பு. 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இரு மடங்கு. அங்கே கசிந்த சிறிதளவு காற்றும் மேலே வரும்போது இரு மடங்காக விரியும். நீருக்கடியில் குழாய் வைக்க யாரும் இல்லை. ஒருமுறை நியூமோதொராக்ஸ் வந்தவர் லங்காவிப் பக்கத்துப் பாயார் தீவுக்கோ பெர்ஹெந்தியானுக்கோ முக்குளிக்கப் போகும் முன் நெஞ்சு மருத்துவரிடம் கேட்டே ஆக வேண்டும். பெரும்பாலும் கிடைக்கும் பதில் "வேண்டாம்" என்பதே. சிகரெட்டை விடுவது அவர் கையில் இருக்கும் மிகப் பெரிய மருந்து. திடீரென ஒரு பக்க நெஞ்சுவலியும் மூச்சுத்திணறலும் வந்தால், வலி அடங்கிவிட்டாலும்கூட, அன்றே ஓர் எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும்.